கலசத்தில் நீர் விழும் நேரத்தில் வயலில் நிற்பவர்கள்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருநாளன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகா தீபம் ஏற்றப்படுகிறது. அதைக் காண மக்கள் முதல் நாளிலிருந்தே வந்து சேர்கிறார்கள். தீபம் கண்டபின் பெருந்திரளானோர் ஏறக்குறைய ஒரே வேளையில் ஊர் திரும்ப முற்படுகிறார்கள். அந்நாளில் பேருந்துகள் நகருக்குள் விடப்படுவதில்லை. வேலூர், செங்கம், திண்டிவனம், திருக்கோவிலூர், அவலூர்ப்பேட்டை, வேட்டவலம் என ஊரை நோக்கி வரும் சாலைகளிலேயே தற்காலிகப் பேருந்து நிலையங்களும் கார் நிறுத்துமிடங்களும் அமைக்கப்படுகின்றன. எந்தத் திசையிலிருந்து வந்த வண்டியோ, அது அந்தத் திசையிலேயே நின்று அந்தத் திசையிலேயே திரும்பிச் செல்கிறது. வேலூரிலிருந்து வந்த வண்டி செங்கம் சாலைக்குப் போக வேண்டிய தேவையே எழுவதில்லை. ஊரின் நடுவே ஒரு வண்டிக் கூட்டம் மற்றொன்றைக் குறுக்கிடுவதும் இல்லை.

அத்துணைப் பெரிய விழாவின் ஏற்பாட்டில் இருக்கும் இந்த எளிய நெறி, சிற்றூர்க் கோயில் ஒன்றின் கும்பாபிஷேகத்துக்கும் அப்படியே பொருந்தும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் விழா அது. யாகசாலைக்கும் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் மாதக்கணக்கில் திட்டமிடும் திருப்பணிக் குழுவினர், வண்டிகளைப் பற்றிப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நினைக்கிறார்கள். “பக்கத்து வயல் காலியாகத்தானே இருக்கிறது” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால், இடம் இருந்தும் நெரிசல் உண்டாகும். நெரிசல் பிறப்பது வயலில் அன்று, வயலின் வாசலில்.

ஒரு காருக்கு ஒரு சென்ட்

கணக்கை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்பது எளிது. கிழக்கு மேற்காகச் செல்லும் நெடுஞ்சாலையின் தென்புறத்தில் ஒரு கோயில் இருப்பதாகக் கொள்வோம். கிழக்கே நகரம், மேற்கே சிற்றூர்கள். கும்பாபிஷேகத்துக்கு 8,000 பேர் வருவார்கள் என்று குழுவினர் மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் உள்ளூர்க்காரர்களும் நகரப் பேருந்தில் வருவோருமாக 2,600 பேருக்கு வண்டி நிறுத்தும் இடம் வேண்டியதில்லை. இருசக்கர வண்டிக்கு இருவர் வீதம் 2,400 பேர் 1,200 வண்டிகளிலும், காருக்கு நால்வர் வீதம் 2,000 பேர் 500 கார்களிலும் வருவார்கள். எஞ்சிய 1,000 பேருக்கு வேன்கள் 50, பேருந்துகள் 6 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கார் நிற்க எட்டரை அடி அகலமும் பதினேழு அடி நீளமும் போதும். ஆயினும் அது உள்ளே வந்து திரும்புவதற்கு இருபது அடி அகலத்தில் ஊடுவழி வேண்டும். வயலின் மூலைகள், வரப்போரம், நடைபாதை ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தால், பழக்கமில்லாத தொண்டர்கள் நிறுத்தும் நிறுத்தத்தில் ஒரு காருக்கு ஒரு சென்ட் நிலம் செலவாகும். ஏக்கருக்கு நூறு கார் என்பது நினைவில் நிற்கும் கணக்கு. தாளில் வரைந்து பார்த்தால் நூற்றெண்பதுகூட நிற்கும். அந்தக் கணக்கை நம்பி இறங்கக் கூடாது. இருசக்கர வண்டிகள் ஒரு சென்டில் எட்டு நிற்கும். வேனுக்கு இரண்டு சென்டும், பேருந்துக்கு நான்கு சென்டும் வேண்டும்.

ஆக, நம் எடுத்துக்காட்டில் கார்களுக்கு ஐந்து ஏக்கர், இருசக்கர வண்டிகளுக்கு ஒன்றரை ஏக்கர், வேன்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒன்றேகால் ஏக்கர் தேவை. இவற்றை ஓரிடத்தில் கலந்து நிறுத்துவது தவறு. கார்களுக்கு நடுவே புகுந்த இருசக்கர வண்டிகள், திரும்பும்போது எந்த வழியையும் பின்பற்றுவதில்லை. ஆகவே பள்ளி மைதானம் இருசக்கர வண்டிகளுக்கும், அரிசி ஆலையின் முற்றம் வேன்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி உள்ள இடத்துக்குப் பேருந்தை அனுப்பக் கூடாது என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

500 கார்களில் 300 நகரத்திலிருந்து வருபவை. அவை மேற்கு நோக்கி வரும்போது சாலையின் இடப்புறம் தெற்கே அமையும். கோயிலுக்குச் சற்று முன்பாக, அதே தென்புறத்தில் உள்ள மூன்று ஏக்கர் வயல் அவற்றுக்கு. இடப்பக்கமாக வந்து இடப்பக்கமாகவே நுழைந்துவிடலாம். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வரும் 200 கார்களையும் இதே வயலுக்குள் திருப்பினால், ஒவ்வொன்றும் வலப்பக்கம் திரும்பக் காத்து நின்று, பின்னால் வரும் அனைத்தையும் நிறுத்திவிடும். அவற்றுக்குக் கோயிலுக்கு மேற்கே, சாலையின் வடபுறத்தில் இரண்டு ஏக்கர் தனியாக ஒதுக்க வேண்டும். அங்கிருந்து வருவோர் சாலையைக் கடப்பதற்கு ஒரே ஓரிடத்தில் கயிறு கட்டி, தொண்டர்களைக் காவலர் ஒருவருடன் நிறுத்த வேண்டும்.

முப்பது விநாடி செய்யும் கேடு

வாசலின் கணக்குத்தான் அடுத்தது. காலை 9.30 மணிக்கு முகூர்த்தம் என்றால், நகரத்திலிருந்து வரும் 300 கார்களில் 200 கார்களேனும் 7.30 முதல் 8.30 வரையிலான ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரும். அதாவது பதினெட்டு விநாடிக்கு ஒன்று. நிற்காமல் உள்ளே செல்லும் கார் ஒன்றுக்குப் பத்து விநாடி போதும் என்பதால், ஒற்றை வாசலே தாங்கும்.

அந்த வாசலில் ஒரு மேசை போட்டு, வாகனக் கட்டணச் சீட்டு கிழித்து, சில்லறை கொடுத்து அனுப்பினால் ஒரு காருக்கு முப்பது விநாடி ஆகும். ஒரு மணி நேரத்தில் 120 கார்கள்தாம் உள்ளே போயிருக்கும். மீதி 80 கார்கள் சாலையில் நிற்கும். வரிசையில் ஒரு காருக்கு இருபது அடி என்றால் 1,600 அடி. ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். உள்ளே வயல் பாதி காலியாகக் கிடக்க, வெளியே நெடுஞ்சாலை அடைபட்டுக் கிடக்கும். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று அவ்வழியே வந்தால் அதற்கும் அதே கதிதான்.

எனவே, கட்டணம் வேண்டாம் என்று உபயதாரர் ஒருவர் அச்செலவை ஏற்றுக்கொள்வது மிக நல்லது. கட்டணம் வாங்கியே ஆகவேண்டுமென்றால், கார் நின்றபின் வரிசைதோறும் சென்று வாங்கலாம். வாசலில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வண்டி நிற்கக் கூடாது.

பணத்தைவிட அதிகமாக வாசலை அடைப்பது ஒன்று உண்டு. அது பாட்டியையும் குழந்தைகளையும் அங்கேயே இறக்கிவிடும் வழக்கம். முதியவர் ஒருவர் இறங்கி, கைத்தடியையும் பூக்கூடையையும் எடுத்துக்கொள்ள ஒரு நிமிடமேனும் ஆகும்; அதற்குள் பின்னால் மூன்று கார்கள் சேர்ந்துவிடும். அவரை வயலின் கோடியில் இறக்கி நடக்கவைப்பதும் முறையன்று. வாசலைக் கடந்து உள்ளே நூறடி தள்ளி, நடைபாதையை ஒட்டி, மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்படி அறுபது அடிக்கு இறக்கிவிடும் இடம் ஒன்றைக் குறிக்க வேண்டும். அங்கே நாற்காலிகளும் சக்கர நாற்காலி ஒன்றும் இருந்தால், “இங்கே வேண்டாம், சற்று முன்னே சென்று இறங்குங்கள்” என்று வாசல் தொண்டர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

வயலைப் பக்குவப்படுத்தல்

அறுவடை முடிந்த வயல் பார்வைக்கு இறுகிக் கிடந்தாலும், உள்ளே ஈரம் இருக்கும். விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகு பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்றை வயலின் குறுக்கே ஓட்டிப் பார்த்தால் போதும். சக்கரத் தடம் இரண்டு அங்குலத்துக்கு மேல் பதிந்தால் அந்த இடம் காருக்கு உதவாது. சாலைக்கும் வயலுக்கும் இடையிலுள்ள வாய்க்காலில் சிமெண்டுக் குழாய் பதித்து, மேலே கிராவல் கொட்டி வழி அமைக்க வேண்டும். வரப்பை வெட்டும் இடங்களை நில உரிமையாளரைக் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெற்றுவைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு வயலில் இருந்தால், அதைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு இரண்டு வரிசைக் கயிறு கட்ட வேண்டும். உலர்ந்த வைக்கோலும் நெல்தாளும் இன்னோர் ஆபத்து. நெடுந்தொலைவு ஓடிவந்த வண்டியின் சைலன்சரும் அதையொட்டிய பாகங்களும் கடும் சூட்டில் இருக்கும். அடியில் உலர்ந்த தாள் உயரமாக நின்றால் தீப்பற்றக்கூடும். எனவே தாளைத் தரையோடு அறுத்து, வைக்கோலை முற்றிலும் அகற்றிய பிறகே வண்டிகளை விட வேண்டும். இரண்டு தீயணைப்புக் கருவிகளும் ஒரு தண்ணீர் டேங்கரும் வயலின் ஓரத்தில் நிற்கட்டும். மழை பெய்தால் இழுத்துவிட ஒரு டிராக்டரும் கயிறும் வேண்டும்.

வரிசைகளைச் சுண்ணாம்புப் பொடியால் கோடிடுவது வழக்கம். அவற்றுக்கு எண்களைவிடப் படங்கள் நல்லவை. மயில், யானை, தாமரை, வேல் என உயரமான கம்பங்களில் படத்தட்டி கட்டிவிட்டால், “நம் கார் யானை வரிசையில் நிற்கிறது” என்பதை ஏழு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பெரியவரும் மறக்க மாட்டார்கள். வண்டியைத் தேடி அலைபவர்கள் குறைந்தால், வெளியேறும் வழியில் குறுக்கே நடப்பவர்களும் குறைவார்கள்.

கார்களை இரண்டிரண்டு வரிசையாக, ஒன்றன்முன் ஒன்றாக நிறுத்துவது சிறந்த முறை. முதலில் வரும் கார் ஒரு பக்கத்து ஊடுவழியில் நுழைந்து, முன்னிடம் வரை நேரே சென்று, மறுபக்கத்து ஊடுவழியைப் பார்த்தபடி நிற்கும். இரண்டாவது கார் அதன் பின்னால் நிற்கும். முன்னே நிற்பது பின்னோக்கி வராமலே வெளியேறிவிடும். முன்னது போனதும் பின்னதும் அப்படியே நேரே போகலாம். அவசரமென்றால் மட்டும் தான் நுழைந்த பக்கமாகப் பின்னோக்கி வந்து போகலாம். கூட்டம் நிறைந்த வயலில் பின்னோக்கி வரும் கார்தான் குழந்தைகளுக்கு ஆபத்து. வயலின் தொலைவான கோடியிலிருந்தே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வாசலருகே முதலில் நிறுத்தினால், அதைச் சுற்றிக்கொண்டு போக முடியாமல் உள்பகுதி காலியாகவே கிடக்கும்.

நிறைவதற்கு முன்பே திறக்க வேண்டிய வயல்

மதிப்பீடு பொய்த்துப் போவதும் உண்டு. ஆகவே ஓர் ஏக்கர் உபரி வயல் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது அதன் பரப்பைவிட முக்கியம். முதல் வயலைத் தாண்டி அப்பால் இருந்தால், இடமில்லை என்று அறிந்த கார்கள் கோயில் வாசலில் திரளும் கூட்டத்தினூடே ஊர்ந்து செல்ல நேரும். வரும் வழியில், முதல் வயலுக்கு முன்பாகவே உபரி வயல் அமைய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது முதல் வயலுக்குக் கிழக்கே இருக்கிறது.

அதைத் திறக்கும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முதல் வயல் முற்றிலும் நிறைந்தபின் உபரி வயலைத் திறந்தால், அதைக் கடந்து வந்துவிட்ட கார்களுக்குப் போக்கிடம் இல்லை. 300 கார்கள் கொள்ளும் வயலில் 240 கார்கள் நின்றவுடன், கிழக்கே நிற்கும் தொண்டர் வண்டிகளை உபரி வயலுக்குத் திருப்பத் தொடங்க வேண்டும். எஞ்சிய 60 இடங்கள், ஏற்கெனவே கடந்து வந்தவர்களுக்கு. விழாவன்று கூட்டம் திரண்ட இடத்தில் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் கிடைக்காது. வாக்கி டாக்கி இருந்தால் நல்லது. இல்லையேல், ஒருவர் பார்வையில் அடுத்தவர் படும்படி தொண்டர்களை நிறுத்தி, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கொடுத்துவிட்டால் செய்தி நொடியில் போய்ச் சேரும்.

ஏற்பாடு தடுமாறுகிறது என்பதை வயலுக்குள் நின்று அறிய முடியாது. சாலையில் நிற்கும் வரிசையின் வால்தான் அதைக் காட்டும். வாசலிலிருந்து இருநூறு அடியில் ஒரு கம்பு நட்டு, வரிசை அதை எட்டினால் என்ன செய்வது என்று முன்னதாகவே முடிவு செய்திருக்க வேண்டும். இறக்கிவிடும் இடத்தைச் சற்று நேரம் மூடுவது, உபரி வயலைத் திறப்பது ஆகிய இரண்டுமே அப்போது செய்யத்தக்கவை.

வந்த வழி வேறு, போகும் வழி வேறு

நுழைந்த வாசலிலேயே வெளியேறவும் விட்டால், தாமதமாக வருபவரும் முன்கூட்டியே கிளம்புபவரும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். வயலின் பின்புறத்தில், தெற்கே, வாய்க்கால் கரைச் சாலை ஒன்று உண்டு என்று கொள்வோம். அது கிழக்கே ஒரு கிலோமீட்டர் சென்று நெடுஞ்சாலையில் சேர்கிறது. கார்கள் வடக்கில் நுழைந்து தெற்கில் வெளியேற வேண்டும். வெளியேறும் வண்டிகள் கோயில் வாசலையே காண்பதில்லை. அவை நெடுஞ்சாலையில் சேரும் முனையில் மட்டும், நகரம் செல்ல வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கீடு அங்கே ஒன்றுதான். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் தொண்டர்களுக்கு இல்லை. எனவே காவல் நிலையத்துக்கு எழுதும் கடிதத்தில், இந்த முனைக்குத் தவறாமல் காவலர் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

வரும்போது இரண்டு மூன்று மணி நேரத்தில் பரவி வந்த கார்கள், போகும்போது ஒன்றாகப் புறப்படுகின்றன. பத்து விநாடிக்கு ஒன்று வெளியேறினாலும் 300 கார்களுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். வேலியில் இன்னொரு வழி திறந்துவிட்டால் நேரம் பாதியாகும் என்று தோன்றும். அந்த இரண்டு வழிகளும் அதே வாய்க்கால் கரைச் சாலையில்தான் போய்ச் சேரும் என்றால், ஒரு நிமிடமும் மிஞ்சாது. வழி வேறாக இருந்தால் மட்டும் போதாது. அது சேரும் சாலையும் வேறாக இருக்க வேண்டும்.

இங்கே அன்னதானம் பெருந்துணை செய்கிறது. பந்தியில் அமர்த்திப் பரிமாறும்போது, ஒரு பந்தி முடிந்து எழுவோர் மட்டும் கிளம்புகிறார்கள். அடுத்த பந்தியினர் அமர்கிறார்கள். கூட்டம் தானாகவே அலையலையாகக் கலைகிறது. பொட்டலமாகக் கொடுத்தால் அனைவரும் அதைக் கையில் வாங்கியதும் வண்டியை நோக்கி நடப்பார்கள். பொட்டலம்தான் கொடுப்பது என்றால், வழங்கும் இடத்தை வண்டிகள் வெளியேறும் வழிக்கு அருகே வைக்கக் கூடாது. கோயிலின் மறுபக்கத்தில், அமர்ந்து உண்ணும் நிழலோடு வைக்க வேண்டும்.

கோயில் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை பன்னிரண்டு அடி அகலத்துக்கு இருபுறமும் கயிறு கட்டி, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டுமே என்று ஒரு வழியை விட வேண்டும். சிறப்பு விருந்தினர் காரும் அதில் நிற்கலாகாது. முதல் நாள் மாலை ஒரு வேனை அவ்வழியே ஓட்டிப் பார்த்தால், தாழ்ந்த தோரணமும் நடுவில் நட்ட பந்தல் காலும் அப்போதே தெரிந்துவிடும்.

தொண்டர்களின் முறை

இத்தனைக்கும் நாற்பது தொண்டர்கள் வேண்டும். மாற்றாட்கள் பத்துப் பேர். சாலையில் வண்டியைத் திருப்ப இருவர், வாசலில் இருவர், ஊடுவழி ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒருவர் என்று இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். நிரம்பிக்கொண்டிருக்கும் வரிசையில் எப்போதும் இருவர் வேண்டும்: ஒருவர் திசை காட்ட, மற்றவர் கார் நிற்க வேண்டிய இடத்திலேயே நின்று அழைக்க. வெறுமனே கையை வீசுபவரைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பவரைப் பார்த்தே ஓட்டுநர்கள் வருவார்கள். தொண்டர்கள் தங்கள் கார்களையே கொண்டுவந்து, முதல் நாள் மாலை இருபது கார்களுடன் ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். வாய்க்கால் திருப்பம் குறுகலாக இருப்பது போன்ற குறைகள் அப்போதுதான் புலப்படும்.

ஏற்பாடுகள் எல்லாம் சரியாக இருந்தும் நிலைகுலையும் ஒரு தருணம் உண்டு. யாகசாலையிலிருந்து கடம் புறப்படும் மேளம் கேட்டதும், தொண்டர்களின் கால்கள் தாமாகவே கோயிலை நோக்கி நகர்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காணும் காட்சியை யார்தான் விடுவார்? அந்த அரை மணி நேரம் வயலில் ஒருவரும் இருப்பதில்லை. புனித நீர் தெளித்து முடிந்ததும் முதலில் திரும்புவோர் காவலற்ற வயலை அடைந்து, அருகில் தெரியும் நுழைவாசல் வழியாகவே வெளியேறத் தொடங்குகிறார்கள். பத்து கார்கள் அப்படிப் போய்விட்டால், பிறகு யார் வந்து சொன்னாலும் ஒழுங்கு திரும்பாது.

தொண்டர்களைக் கடிந்துகொண்டு இதைத் தடுக்க முடியாது; முறை வகுத்துத்தான் தடுக்க வேண்டும். வண்டிகள் வரும் நேரத்தில் நிற்பவர்கள் ஓர் அணி. அவர்கள் கும்பாபிஷேகத்தைக் காணச் செல்லலாம். அபிஷேக நேரத்திலும் அதன்பின்னும் நிற்பவர்கள் மற்றோர் அணி. இரண்டாம் அணியினருக்கு முதல் நாள் மாலையே யாகசாலையில் சங்கல்பமும் தரிசனமும் செய்துவைத்து, மறுநாள் நடை திறந்ததும் முதல் வரிசையில் நிறுத்திப் பிரசாதம் கொடுக்க வேண்டும். கடம் புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அவர்கள் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும்; நுழைவாசலில் கயிறு கட்டப்பட்டிருக்க வேண்டும். கலசத்தில் நீர் விழும் நேரத்தில் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் அந்த இருபது பேரும் அபிஷேகத்தைக் காண்பதில்லை. கண்டுவிட்டு வருவோர் பத்திரமாக வீடு திரும்புவது அவர்கள் கையில் இருக்கிறது.

கடைசிக் கார் போனபின் ஒரு வேலை மிச்சம் இருக்கும். பாட்டில், கண்ணாடித் துண்டு, இரும்புக் கம்பி, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை வரிசை வரிசையாகக் குனிந்து பொறுக்க வேண்டும். வெட்டிய வரப்பை மீண்டும் கட்டி, வாய்க்காலில் பதித்த குழாயை எடுத்துவிட்டு, வண்டிகள் அழுத்திய மண்ணை ஒருமுறை உழுதுகொடுக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு அந்த நிலத்தில் வெறுங்காலோடு இறங்கப்போகும் உழவருக்குக் குழுவினர் செலுத்த வேண்டிய கடன் அது. அதைச் செய்துவிட்டால், அடுத்த விழாவுக்கும் அவர் மனமுவந்து வயலைத் தருவார்.